கர்ப்பகாலத்தில் கிரியேட்டின்: கெடுதல் என்று யாரும் நிரூபிக்கவில்லை, பிறகு ஏன் வேண்டாம் என்கிறார்கள்?

கோவை, ஈரோடு, திருப்பூர் என்று எங்கள் பக்கத்தில் இப்போது சிற்றூர்களில்கூட உடற்பயிற்சிக் கூடம் வந்துவிட்டது. காலையில் எடை தூக்கிவிட்டு வேலைக்குப் போகும் பெண்களும் நிறைய இருக்கிறார்கள். கூடவே கிரியேட்டின் டின்னும் வீட்டுக்குள் வந்துவிட்டது. அதே வீட்டில் ஒருத்தி கர்ப்பமானதும் கேள்வி எழுகிறது: இதைத் தொடரலாமா, நிறுத்த வேண்டுமா? டின்னின் பின்பக்கம் பார்த்தால் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் மருத்துவர் சொல்லாமல் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று பெரும்பாலும் பொடி எழுத்தில் இருக்கும். ஏன் என்று அங்கே சொல்லியிருக்காது. அந்த ஏனுக்கு இரண்டு பதில்கள் உண்டு. பலருக்கும் முதல் பதில் மட்டும்தான் தெரியும். இரண்டாவதுதான் கர்ப்பிணிக்கு அன்றாடம் உதவக்கூடியது என்பது என் எண்ணம். அதனால் அதைப் பற்றி இங்கே கூடுதலாக எழுதுகிறேன்.

முதலில் பொருளைத் தெரிந்துகொள்வோம். கிரியேட்டின் வெளியிலிருந்து வரும் மருந்து அல்ல. நம் உடலே தினமும் ஏறக்குறைய 1 கிராம் தயாரிக்கிறது. தொடக்க வேலை சிறுநீரகத்தில் நடக்கிறது, முடிவு வேலை கல்லீரலில் நடக்கிறது. செய்த சரக்கில் பெரும்பகுதி தசைகளில் போய்ச் சேர்கிறது. மீதி மூளை, இதயம் போன்ற இடங்களில் இருக்கும். இறைச்சியிலும் மீனிலும் இது இயல்பாகவே உண்டு. 100 கிராம் பச்சை ஆட்டுக்கறியில் அரை கிராமுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். பால், தயிரில் மிகக் குறைவு. பருப்பு, கொள்ளு, ராகி, கம்பு எதிலும் கிட்டத்தட்ட இல்லை.

இதன் வேலையைப் புரிந்துகொள்ளத் தோட்டத்து மேல்நிலைத் தொட்டியை நினைத்துக்கொள்ளலாம். மின்சாரம் நின்று மோட்டார் ஓடாவிட்டாலும் தொட்டியில் இருக்கும் தண்ணீர் கொஞ்ச நேரம் குழாயில் வரும். உயிரணுவுக்குச் சக்தி தரும் வேலை ஆக்சிஜன் தட்டுப்பாட்டால் தடுமாறும்போது, சேமித்து வைத்த கிரியேட்டின் சிறிது நேரத்துக்குக் கைகொடுக்கிறது. எடை தூக்குபவர் கடைசி இரண்டு முறையையும் முடித்துவிட முடிவது இதனால்தான். கருவில் இருக்கும் குழந்தையின் மூளையைப் பற்றி ஆராய்கிறவர்கள் கிரியேட்டின் மேல் கண் வைத்ததும் இதே காரணத்தால்தான்.

பிரசவ நேரத்தில் குழந்தைக்கு ஆக்சிஜன் குறைந்துபோவது மிகப் பெரிய ஆபத்து. பிறந்ததும் அழாத குழந்தை என்று நாம் சொல்வதில் பல இந்த வகைதான். தாய் கர்ப்பத்தின்போதே கிரியேட்டின் எடுத்துக்கொண்டால், அது நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய்ச் சேர்ந்து, அந்தச் சில நிமிடங்களைத் தாக்குப்பிடிக்க உதவுமா என்ற கேள்வியை ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் மொனாஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழுவினர் எடுத்துக்கொண்டார்கள். முள்சுண்டெலி என்ற விலங்கில் சோதித்தார்கள். மற்ற எலிகளைப் போலன்றி, இதன் குட்டிகளுக்கு முக்கிய உறுப்புகள் பிறப்பதற்கு முன்பே பெருமளவு வளர்ந்துவிடும் என்பதால் இதைத் தேர்ந்தெடுத்தார்கள். கர்ப்பத்தின் நடுப்பகுதியிலிருந்து தாயின் தீவனத்தில் 5 சதவீதம் கிரியேட்டின் கலந்தார்கள். பிறகு பிறக்கும் தறுவாயில் குட்டிகளுக்குச் சில நிமிடங்கள் ஆக்சிஜன் கிடைக்காமல் செய்தார்கள். கிரியேட்டின் பெற்ற தாய்களின் குட்டிகள் அதிகம் பிழைத்தன. 2008இல் வெளியான இந்த முடிவுதான் பின்னால் வந்த பல ஆய்வுகளுக்கு அடித்தளம்.

நல்ல செய்திதான், மறுக்க முடியாது. மலிவான ஒரு பொருள் குழந்தையின் மூளையைக் காக்கக்கூடும் என்றால், அதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் 5 சதவீதம் என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பெண் நாளொன்றுக்கு உலர்ந்த எடையில் அரைக் கிலோ உணவு சாப்பிடுகிறாள் என்று வைத்துக்கொண்டால், அதில் 5 சதவீதம் 25 கிராம். உடற்பயிற்சி செய்பவர் வழக்கமாக எடுப்பது 3 முதல் 5 கிராம். எலியின் உடலையும் மனித உடலையும் இப்படி நேராக ஒப்பிட முடியாது என்பது உண்மை. இருந்தாலும் சுண்டெலியில் கிடைத்த பலன் 5 கிராம் கரண்டியில் கிடைக்கும் என்று நம்ப இடமில்லை என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது.

மனிதர்களிடம் என்ன தெரியும்? 2014இல் காக்ரேன் அமைப்பு, கர்ப்பிணிகளுக்குக் கிரியேட்டின் கொடுத்துக் குழந்தையின் மூளையைக் காப்பது பற்றிய ஆய்வுகளைத் திரட்ட முயன்றது. கிரியேட்டின் பெறும் கர்ப்பிணிகளையும் பெறாதவர்களையும் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்ட ஆய்வு ஒன்றுகூட அதற்குக் கிடைக்கவில்லை. ஆய்வு இருந்து அதன் முடிவு மோசமாக இருந்தது என்பதல்ல, ஆய்வே இல்லை. கர்ப்பமில்லாத பெண்களிடம் செய்த ஆய்வுகள் பல இருக்கின்றன. அவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்து 2020இல் வெளியான ஒரு தொகுப்பில் பெண்களுக்குப் பெரிய கெடுதல் எதுவும் தென்படவில்லை. ஆனால் அந்தப் பெண்களின் உடலும் ஏழாம் மாதக் கர்ப்பிணியின் உடலும் ஒன்றல்ல. இரத்தத்தின் அளவு கூடியிருக்கும், சிறுநீரகம் வேறு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும், வயிற்றில் இன்னொரு உயிர் இருக்கும்.

இதுதான் முதல் பதில்: கெடுதல் என்று நிரூபணம் இல்லை, பாதுகாப்பு என்றும் நிரூபணம் இல்லை. இங்கேயே நின்றுவிட்டால், “கெடுதல் இல்லையென்றால் எடுத்தால் என்ன?” என்று கேட்பவருக்குச் சரியான விடை கிடைக்காது. விடை இரத்தப் பரிசோதனைச் சீட்டில் இருக்கிறது.

தசையில் இருக்கும் கிரியேட்டினில் ஏறக்குறைய 2 சதவீதம் ஒவ்வொரு நாளும் தானாகவே கிரியேட்டினின் என்ற கழிவாக மாறுகிறது. சிறுநீரகம் அதை வடிகட்டி வெளியேற்றுகிறது. சிறுநீரகம் நன்றாக வேலை செய்தால் இரத்தத்தில் அதன் அளவு குறைவாக இருக்கும். வேலை குறைந்தால் தேங்கி ஏறும். அதனால்தான் எந்த ஆய்வகத்திலும் சிறுநீரகத்தைப் பார்க்க முதலில் கிரியேட்டினினை அளக்கிறார்கள். பவுடர் எடுப்பவரின் உடலில் மூலப்பொருள் கூடுவதால் கழிவும் சற்றுக் கூடும். சிறுநீரகத்துக்கு எந்தப் பாதிப்பும் இல்லாமலேயே சீட்டில் எண் கொஞ்சம் ஏறி நிற்கும். கர்ப்பமில்லாத ஒருவருக்கு இது பெரும்பாலும் ஒரு விளக்கத்தோடு முடிந்துவிடும் விஷயம்.

கர்ப்பிணிக்கு அப்படி முடியாது. கர்ப்பத்தில் சிறுநீரகத்தின் வடிகட்டும் வேகம் ஏறக்குறைய பாதி அளவு கூடிவிடுகிறது. அதனால் கிரியேட்டினின் இயல்பாகவே இறங்கும். சாதாரண நாளில் 0.8 மில்லிகிராம் இருந்த பெண்ணுக்குக் கர்ப்பத்தின் நடுவில் 0.5 அளவில் வந்து நிற்கும். ஆய்வகச் சீட்டில் அச்சாகியிருக்கும் இயல்பு அளவு கர்ப்பமில்லாதவர்களுக்கானது. 0.9 என்றால் சீட்டில் எந்தக் குறியும் விழாது. ஆனால் கர்ப்பிணிக்கு 0.9 வந்தால் அனுபவமுள்ள மருத்துவர் நிமிர்ந்து உட்காருவார். 20 வாரத்துக்குப் பின் இரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் ஏறி, கூடவே கிரியேட்டினின் 1.1ஐத் தாண்டினாலோ, முன்பிருந்ததைப் போல் இரு மடங்கானாலோ, சிறுநீரில் புரதம் இல்லாவிட்டால்கூடக் கர்ப்பகால நச்சுத்தன்மை என்று முடிவு செய்வார்கள். பிரீஎக்லாம்சியா என்று அவர்கள் சொல்வது இதைத்தான். வலிப்பு வரைக்கும் போகக்கூடிய, தாயையும் சேயையும் பறிக்கக்கூடிய நோய் அது.

இப்போது ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்வோம். பெருந்துறைப் பக்கம் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் கணக்கு பார்ப்பவள், 28 வயது. இரண்டு வருடமாக உடற்பயிற்சி, தினமும் 5 கிராம் கிரியேட்டின். கர்ப்பம் உறுதியான பிறகும் யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. உடற்பயிற்சியை நடையாகக் குறைத்துக்கொண்டாள், பவுடரை மட்டும் காலையில் தண்ணீரில் கலக்கிக் குடித்துக்கொண்டே இருந்தாள். 31ஆம் வாரத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகிறாள். எடை ஒரு வாரத்தில் 1 கிலோவுக்கு மேல் ஏறியிருக்கிறது. வழக்கமாக வாரத்துக்கு அரைக் கிலோ அளவில்தான் கூட வேண்டும். கணுக்காலில் வீக்கம். இரத்த அழுத்தம் 136/86. கிரியேட்டினின் 0.9.

மருத்துவர் என்ன முடிவுக்கு வருவார்? கிரியேட்டின் தசைக்குள் தண்ணீரையும் சேர்த்து இழுத்து வைக்கும். பவுடர் தொடங்கும் முதல் வாரத்தில் ஒன்றிரண்டு கிலோ கூடுவது அதனால்தான். ஆனால் இவள் இரண்டு வருடமாக எடுப்பவள். அவளுடைய உடல் அதற்கு எப்போதோ பழகிவிட்டது. ஆகவே இந்த வாரத்து எடையைப் பவுடர் கணக்கில் எழுத முடியாது. கிரியேட்டினினில் ஒரு பகுதி பவுடரால் இருக்கலாம். எந்தப் பகுதி என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. கர்ப்பத்தின் தொடக்கத்தில் எடுத்த அளவும் பவுடர் உடலில் இருக்கும்போதே எடுத்தது என்பதால், எதோடு ஒப்பிடுவது என்பதும் தெளிவில்லை.

இங்கே இரண்டு விதமாகத் தவறலாம். நோய் என்று எண்ணி ஈரோட்டுக்கோ கோவைக்கோ அனுப்பி, உள்நோயாளியாக வைத்து, எல்லாப் பரிசோதனையும் எடுத்து, கடைசியில் ஒன்றுமில்லை என்று திரும்பி வருவது ஒன்று. பணமும் பயமும்தான் நட்டம். மற்றொன்று, “அது பவுடரால் வந்தது, விடுங்கள்” என்று சமாதானமாகி, உண்மையிலேயே தொடங்கிவிட்ட நோயை ஒரு வாரம் தவறவிடுவது. அந்த ஒரு வாரம் திரும்பக் கிடைக்காது. நான் அதிகம் அஞ்சுவது இரண்டாவதைத்தான். வீட்டில் இருப்பவர்களே அந்தச் சமாதானத்தைச் சொல்லிவிட வாய்ப்பு அதிகம் என்பதால் இன்னும் அஞ்சுகிறேன்.

பவுடரை அன்றே நிறுத்தி இரண்டு நாளில் மறுபடி பார்க்கலாமே என்று தோன்றும். நிறுத்தினாலும் தசையில் சேர்ந்தது பழைய அளவுக்கு இறங்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். 31ஆம் வாரத்தில் நிற்கும் பெண்ணுக்கு அவ்வளவு அவகாசம் இல்லை. அதனால் மருத்துவர் கிரியேட்டின் தொடாத அளவுகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது: இரத்த அழுத்தத்தைச் சில மணி நேர இடைவெளியில் மறுபடி அளப்பது, சிறுநீரில் புரதம், தட்டணுக்களின் எண்ணிக்கை, கல்லீரல் நொதிகள். கிரியேட்டின் எடுப்பதால் தட்டணுக்கள் குறைவதில்லை, சிறுநீரில் புரதமும் கொட்டுவதில்லை. இவை மாறியிருந்தால் பவுடரைக் காரணம் காட்ட இடமில்லை. கூடவே தீராத தலைவலி, கண் மங்குதல், மேல்வயிற்றில் வலது பக்கம் வலி இருந்தால் எந்த எண்ணுக்காகவும் காத்திருக்காமல் 108ஐ அழைத்துவிட வேண்டும்.

அதே பெண் கர்ப்பம் தெரிந்த ஆறாம் வாரத்திலேயே பவுடரை நிறுத்தியிருந்தால்? 12ஆம் வாரத்துக்குள் தசையில் இருந்தது பழைய நிலைக்கு வந்திருக்கும். அப்போது எடுத்த கிரியேட்டினின் அவளுடைய சொந்த அளவாக அட்டையில் பதிவாகியிருக்கும். 31ஆம் வாரத்தில் 0.9 வந்திருந்தால் மருத்துவருக்குத் தயக்கமே இருந்திருக்காது. எச்சரிக்கையின் நடைமுறைப் பலன் இதுதான். குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்கள் ஒன்றரை மாதம் முன்னதாகவே நிறுத்திவிட்டால் இன்னும் நல்லது.

தெரியாமல் முதல் சில வாரங்கள் எடுத்துவிட்டவர்கள் பதற வேண்டாம். கிரியேட்டினால் குழந்தைக்குக் குறைபாடு ஏற்பட்டதாகச் சான்று எதுவும் இல்லை. உடலில் ஏற்கெனவே இருக்கும் பொருள்தான் அது. நிறுத்துங்கள், அடுத்த முறை போகும்போது எவ்வளவு நாள், எத்தனை கிராம் என்று சொல்லி அட்டையில் எழுதச் சொல்லுங்கள், போதும். பிறவியிலேயே கிரியேட்டின் தயாரிக்க முடியாத அரிய குறைபாடு உள்ளவர்களுக்கு மட்டும் இது மருந்து. அவர்கள் தாங்களாக நிறுத்தக் கூடாது.

சைவக் குடும்பத்துப் பெண்கள் கேட்பது வேறு: “நாங்கள் கறியே சாப்பிடுவதில்லை, எங்களுக்குக் கிரியேட்டின் குறைவாகத்தானே இருக்கும், குழந்தைக்குப் பற்றாதே?” சைவர்களின் தசையில் அளவு சற்றுக் குறைவு என்பது உண்மை. ஆனால் உடல் தயாரிப்பதை நிறுத்துவதில்லை. அதற்குத் தேவையான புரதம் கிடைத்தால் போதும். அரிசியும் பருப்பும், கொள்ளும், பாலும் தயிரும் அந்தப் புரதத்தைத் தரும். கறி சாப்பிடும் வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமைக் குழம்பில் ஒருவருக்குக் கிடைப்பது அரை கிராம் அளவுதான். 5 கிராம் கரண்டி என்பது ஒரு கிலோவுக்கு மேல் கறிக்குச் சமம். உணவில் வருவதையும் டின்னில் வருவதையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது என்பது இதனால்தான். ஒன்றை இங்கே சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: சமைத்த கறியில் கிரியேட்டினினும் இருக்கும். அதனால் இரத்தம் கொடுக்கும் நாளுக்கு முந்தைய இரவு பெரிய கறி விருந்தைத் தவிர்த்துவிடுங்கள்.

இன்னொரு குழப்பமும் அடிக்கடி நடக்கிறது. மகப்பேறு மருத்துவர் எழுதிக்கொடுக்கும் புரதப் பவுடர் வேறு, கணவரோ கொழுந்தனாரோ உடற்பயிற்சிக்கு வாங்கிவைத்த டின் வேறு. அலமாரியில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், நிறமும் வெள்ளைதான். எடை கூட்டும் பவுடர்களிலும், பயிற்சிக்கு முன் குடிக்கும் பவுடர்களிலும் கிரியேட்டின் மோனோஹைட்ரேட் என்று சேர்மானப் பட்டியலின் நடுவில் எழுதியிருக்கும். பயிற்சிக்கு முன் குடிப்பதில் கஃபீனும் இருக்கும். ஒரே கரண்டியில் 200 மில்லிகிராம் வரையோ அதற்கு மேலோ இருக்கலாம். கர்ப்பிணிக்கு ஒரு நாள் முழுவதுக்கும் 200 மில்லிகிராமுக்குள் நிற்பது நல்லது என்பது பரவலான அறிவுரை. டிகிரி காபியும் சேர்ந்தால் எல்லை தாண்டிவிடும். என்னைக் கேட்டால், கர்ப்பிணிக்கு வெறும் கிரியேட்டினைவிட இந்தக் கலவைப் பவுடர்தான் கவலை தருவது. கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கு வரும்போது, “டாக்டர் எழுதிக்கொடுத்தது மட்டும்தானா அம்மணி, டின்னில் வேறு ஏதாவது குடிக்கிறாயா?” என்று கேட்டால், டின்னையே எடுத்துக் காட்டிவிடுவது நல்லது.

பிரசவத்துக்குப் பிறகு? தாய்ப்பாலில் இயல்பாகவே கொஞ்சம் கிரியேட்டின் இருக்கிறது. குழந்தையின் தேவையில் பத்தில் ஒரு பங்கு அளவைத்தான் அது தருகிறது. மீதியைக் குழந்தையின் உடலே தயாரித்துக்கொள்கிறது. பவுடர் எடுக்கும் தாயின் பாலில் அந்த அளவு எவ்வளவு கூடுகிறது என்று முறையாக அளந்து பார்த்த ஆய்வு இல்லை. கர்ப்பகாலத்தில் பார்த்த அதே சிக்கல் இங்கே குழந்தையின் சீட்டுக்கு மாறுகிறது. பிறந்த குழந்தையின் சிறுநீரகம் இன்னும் முதிரவில்லை. கிரியேட்டினின் நஞ்சுக்கொடியைக் கடந்துபோகும் என்பதால், பிறந்த முதல் சில நாட்களில் குழந்தையின் இரத்தத்தில் அளப்பது பெரும்பாலும் தாயின் அளவுதான். கடைசி வரை பவுடர் எடுத்த தாய் என்றால் அந்த எண்ணே ஏறித் தொடங்கும். பால் வழியாகப் போகும் கிரியேட்டினும் குழந்தையின் கிரியேட்டினினைக் கூட்டக்கூடும் என்பதால், மருத்துவர் சொல்லாமல் பாலூட்டும் காலத்தில் இதைத் தவிர்க்கும்படி ஆலோசனை சொல்கிறார்கள்.

நிறைமாதத்தில் பிறந்து, நன்றாகப் பால் குடித்து, எடை ஏறிவரும் குழந்தைக்கு இது பெரிய ஆபத்து என்று சொல்ல எந்தச் சான்றும் இல்லை. குறைமாதத்தில் பிறந்து சிறப்புப் பிரிவில் இருக்கும் குழந்தை என்றால் நிலைமை வேறு. அங்கே சில மருந்துகளின் அளவையே கிரியேட்டினினைப் பார்த்துத்தான் தீர்மானிக்கிறார்கள். அப்படிப்பட்ட குழந்தைக்குப் பால் கொடுக்கும் தாய் கிரியேட்டின் எடுத்துக்கொண்டிருந்தால், அல்லது பிரசவத்துக்கு முந்தைய வாரங்களில் எடுத்திருந்தால், முதல் இரத்தப் பரிசோதனைக்கு முன்பே குழந்தை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்: என்ன பவுடர், ஒரு நாளைக்கு எத்தனை கிராம், கடைசியாக எடுத்தது எந்த நாள் என்ற மூன்றையும்.